மாடி சோலார் மானியம்: சர்வீஸ் நம்பர், மாடி அளவு, பேனல் போடுபவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மானியம் எவ்வளவு கிடைக்கும்? மூன்று கிலோவாட்டுக்கு ஒரு லட்சம் என்கிறார்களே?

ஒரு லட்சம் இல்லை, 78,000 ரூபாய். மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. அதற்கு மேல் ஐந்து கிலோவாட் போட்டாலும் பத்து போட்டாலும் மானியம் 78,000-த்தைத் தாண்டாது. திட்டக் காலம் 2026-27 நிதியாண்டு வரை.

தொகை முழுவதும் விண்ணப்பித்தவரின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அதுவும் பேனல் போட்டு மீட்டர் மாற்றிச் சோதனை முடிந்த பிறகு. ஆகவே முதலில் முழுப் பணத்தையும் நீங்கள்தான் புரட்ட வேண்டும். கையிலோ கடனிலோ அதற்கு வழி செய்துகொண்டு ஆரம்பியுங்கள்.

விண்ணப்பிக்க எங்கே போக வேண்டும்? இ.பி. ஆபீஸிலா?

இல்லை, இணையத்தில். முகவரி pmsuryaghar.gov.in. மாநிலம், மின் விநியோக நிறுவனம், சர்வீஸ் நம்பர், மொபைல் எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு விண்ணப்பம், மின்வாரியத்தின் ஒப்புதல், பதிவு பெற்ற நிறுவனத்தைத் தேர்வு செய்வது, பேனல் பொருத்துவது, வாங்கும் மின்சாரத்தையும் அனுப்பும் மின்சாரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் நெட் மீட்டர், மின்வாரியச் சோதனை, கடைசியில் வங்கி விவரம் கொடுத்து மானியம் கேட்பது என்று ஒவ்வொரு படியாகத் திறக்கும். பேனலை முதலில் மாட்டிவிட்டு விண்ணப்பத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலில் விண்ணப்பம்தான்.

படிவம் நிரப்பக் கால் மணி நேரம் போதும். ஆனால் அதில் எழுதும் மூன்று விஷயங்கள், அதாவது சர்வீஸ் நம்பர், மாடியின் அளவு, பேனல் போடுபவரின் விவரம், இவற்றில் பிசகினால் பல மாதம் இழுக்கும். அதனால் கீழே இந்த மூன்றையும் விரிவாகவே எழுதுகிறேன்.

சர்வீஸ் நம்பர் என்று எதைப் போட வேண்டும்? கார்டில் கோடு போட்டுப் போட்டு எழுதியிருக்கிறது.

தமிழ்நாட்டில் அந்த எண் நான்கு துண்டுகளாக இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மண்டலம், அடுத்த மூன்று பிரிவு அலுவலகம், அடுத்த மூன்று பகிர்மானம், கடைசியில் வருவது உங்கள் இணைப்பு எண். நடுவில் உள்ள கோடுகளை விட்டுவிட்டு எல்லா இலக்கங்களையும் சேர்த்து எழுதுங்கள். கடைசித் துண்டை மட்டும் எழுதினால் அந்த எண்ணில் ஊருக்கு ஊர் ஒரு வீடு இருக்கும், உங்கள் வீடு வராது.

முன்னால் வரும் பூஜ்யத்தை மறக்க வேண்டாம். பல மண்டல எண்கள் பூஜ்யத்தில்தான் தொடங்குகின்றன. கம்பெனிக்காரர்கள் வாடிக்கையாளர் பட்டியலைக் கணினி அட்டவணையில் ஏற்றும்போது அந்தப் பூஜ்யம் தானாக விழுந்துவிடும். அப்புறம் "உங்கள் எண் கிடைக்கவில்லை" என்று திரும்பி வரும். மின்வாரியத்திலிருந்து வரும் கட்டணக் குறுஞ்செய்தியில் உள்ள எண்ணைப் பார்த்து நீங்களே தட்டுவது நல்லது.

எண்ணைக் கொடுத்ததும் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பது திரையில் வரும். அந்தப் பெயரை ஒரு நிமிடம் நின்று படியுங்கள். அதை அவசரத்தில் தாண்டிப் போனவர்கள்தான் பிறகு அலைகிறார்கள்.

இணைப்பு என் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார். நான் விண்ணப்பிக்கலாமா?

முதலில் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், இவற்றை வைத்துப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சகோதர சகோதரிகள் வெளியூரில் இருந்தால் கையெழுத்து வாங்கவே நாளாகும். அதனால் சோலார் கம்பெனியை அழைப்பதற்கு முன்னாலேயே இதைத் தொடங்குங்கள்.

அப்பா பெயரிலேயே விண்ணப்பத்தைப் போட்டு, வங்கிக் கணக்கு மட்டும் என்னுடையதைக் கொடுத்தால் என்ன என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கடைசிப் படியில் வந்து அங்கேயே நின்றுவிடும். இணைப்பில் உள்ள பெயரும் மானியம் போக வேண்டிய கணக்கின் பெயரும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். அதற்குள் பேனல் மாடியில் ஏறி, பணமும் கொடுத்து முடிந்திருக்கும்.

உயிரோடு இருப்பவருக்கும் பெயர்ச் சிக்கல் உண்டு. நம் ஊரில் கார்டில் முன்னெழுத்து முன்னால் இருக்கும். ஆதாரில் அதே முன்னெழுத்து அப்பா பெயராக விரிந்து பின்னால் நிற்கும். வங்கிப் புத்தகத்தில் முன்னெழுத்தே இருக்காது. என் அக்கா வீட்டுக் கார்டில் அவர் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து கூடுதலாக இருந்தது. இருபது வருடமாகக் கட்டணம் கட்டியும் யார் கண்ணிலும் படவில்லை. இ.பி. ஆபீஸில் எழுதிக் கொடுத்துத் திருத்திய பிறகுதான் மேலே போனோம். கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

ஒரே வீட்டில் கீழே ஒரு இணைப்பு, மாடியில் ஒரு இணைப்பு. எதில் போடுவது?

எந்த இணைப்பில் சேர்க்கிறீர்களோ அந்த இணைப்பின் பில்தான் குறையும். மாடி வீட்டு நம்பரைக் கொடுத்துவிட்டுக் கீழ்வீட்டு ஏ.சி. பில் குறையவில்லையே என்று வருத்தப்பட்டுப் பயன் இல்லை. அதிகமாக ஓடும் இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். அது வீட்டு இணைப்பாக இருக்க வேண்டும். கீழே கடை வைத்திருந்து அதற்கு வணிக இணைப்பு இருந்தால் அந்த எண்ணுக்கு இந்த மானியம் கிடையாது.

வாடகை வீட்டில் இருக்கிறேன், எனக்கு உண்டா?

இணைப்பும் மாடியின் மீது உரிமையும் உங்களிடம் இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரிடம் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. வீட்டுக்காரர்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் தேவை? பில்லில் 560 யூனிட் என்று இருக்கிறது.

அந்த 560 இரண்டு மாதத்துக்கானது. தமிழ்நாட்டில் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. திட்டத்தின் பரிந்துரையோ மாதக் கணக்கில் இருக்கிறது: மாதம் 150 யூனிட் வரை ஓடும் வீட்டுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோவாட், 150 முதல் 300 வரை இரண்டு முதல் மூன்று, அதற்கு மேல் மூன்றுக்கு மேல். பில்லில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் தேவைக்கு இரு மடங்கு போடச் சொல்லும். உங்கள் வீட்டுக்கு மாதம் 280 யூனிட், அதாவது மூன்று கிலோவாட் சரியாக இருக்கும்.

ஒரு கிலோவாட் நம் ஊர் வெயிலில் நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். மூன்று கிலோவாட் என்றால் நாளுக்குப் பன்னிரண்டு, மாதத்துக்கு 300-க்கும் மேலே. ஐப்பசி கார்த்திகை மழையில் குறையும், மாசி பங்குனியில் ஏறும். ஒரே ஒரு பில்லை வைத்து முடிவு செய்யாமல் கடந்த ஆறு பில்களைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். கோடையில் ஏ.சி. ஓடிய பில் ஒன்று மட்டும் கையில் இருந்தால் கணக்கு ஏமாற்றிவிடும்.

கார்டில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை இரண்டு கிலோவாட் என்று இருக்கிறது. மூன்று போட முடியுமா?

முடியும். 2024-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, பத்து கிலோவாட் வரையுள்ள மாடி சோலார் விண்ணப்பத்துக்குத் தனியாகத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை, ஏற்றுக்கொள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும். தேவையான அளவுக்கு மின்சுமையும் உயர்த்தப்படும். அதற்குக் கட்ட வேண்டியது என்ன என்பதைப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாடியின் பரப்பளவு என்றால் முழு மாடியையும் அளந்து போடலாமா?

வேண்டாம். நிழல் விழாத இடத்தை மட்டும் அளந்து எழுதுங்கள். ஒரு கிலோவாட்டுக்குப் பத்துச் சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய நூறு சதுர அடி என்று வைத்துக்கொள்ளலாம். பேனல்கள் மட்டும் பார்த்தால் அவ்வளவு பிடிக்காது. ஆனால் கழுவித் துடைக்க ஆள் நடக்க வேண்டும், வரிசைக்கு நடுவே இடைவெளி வேண்டும். படிவம் சதுர மீட்டரில் கேட்டால் சதுர அடியைப் 10.76-ஆல் வகுத்துவிடுங்கள். 300 சதுர அடி என்பது 28 சதுர மீட்டர்.

மதுரையில் என் அக்கா வீட்டில் நாங்கள் அளந்ததைச் சொல்கிறேன். கிழக்கு மேற்காக 40 அடி, தெற்கு வடக்காக 25 அடி, மொத்தம் ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி. ஆயிரம் அடிக்குப் பத்துக் கிலோவாட்டே போடலாம் என்று தோன்றும். தென்கிழக்கு மூலையில் படிக்கட்டு அறை இருக்கிறது. அதன் மேல் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் உச்சி மாடித் தளத்திலிருந்து பதினோரு அடி.

மார்கழியில் வெயில் தெற்கே சாய்ந்து வரும். காலை ஒன்பது மணிக்கு நம் பக்கத்தில் நிழல், பொருளின் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு நீளும். பதினோரு அடிக்கு அது பதினைந்தரை அடி, வடமேற்குத் திசையில், அதாவது மாடியின் நடுவே குறுக்காக. சாக்பீஸ் வைத்துக் கோடு போட்டபோது மாடியின் நடுப்பகுதி அப்படியே போய்விட்டது. மிஞ்சியது மேற்கு ஓரத்தில் பதினெட்டு அடி அகலம். அதில் தெற்குக் கைப்பிடிச் சுவரின் நிழலுக்கு மூன்றடி, வடக்கே நடக்க இரண்டடி விட்டால் பதினெட்டுக்கு இருபது, 360 சதுர அடி. மூன்று கிலோவாட்டுக்குத் தாராளம், நான்குக்கு நெருக்கடி. படிவத்தில் 33 சதுர மீட்டர் என்று எழுதினோம்.

பார்க்க வந்த ஆள் பேனலைத் தொட்டிக்கு ஒட்டினாற்போல் போட்டால் வயர் மிச்சம் என்றார். அவர் வந்தது ஆடி மாதம், நண்பகல். அப்போது சூரியன் தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்காகவே நிற்கும். தெற்கில் உள்ள தொட்டியின் நிழல் பேனல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஆடியில் பார்த்து மார்கழியை முடிவு செய்யக் கூடாது.

ஒரு பேனல் ஓரத்தில் கொஞ்சம் நிழல் விழுந்தால் என்ன ஆகிவிடும்?

பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தருவது இன்வெர்ட்டர். சாதாரண இன்வெர்ட்டரில் பேனல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரம்போல் இணைந்திருக்கும். ஒரே மின்னோட்டம் எல்லாவற்றின் வழியாகவும் போக வேண்டும். ஒன்றில் நிழல் விழுந்து தடை வந்தால் சரம் முழுவதும் இழுபடும், அல்லது அந்தப் பேனலின் ஒரு பகுதியைத் தாண்டிப் போகும். எப்படியும் நிழல் விழுந்த அளவைவிட நட்டம் அதிகம். தென்னங்கீற்று, கேபிள் டிஷ், துணி காயப்போடும் கம்பி, எல்லாம் கணக்கில் வரும். பக்கத்து மனையில் காலி இடம் இருந்தால் அங்கே மாடி எழும்பினால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள், முக்கியமாக அது உங்களுக்குத் தெற்கே இருந்தால்.

ஓட்டு வீட்டுக்கும் தகரக் கூரைக்கும் கிடைக்குமா?

கூரை பேனலின் எடையையும் காற்றையும் தாங்கினால் கிடைக்கும். பழைய ஓட்டுக்கூரையில் சட்டம் தாங்குமா என்று கட்டடம் தெரிந்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரர் சொல் மட்டும் போதாது.

பேனல் போட யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாமா? தெரிந்த எலக்ட்ரீஷியன் இருக்கிறார்.

மானியம் வேண்டுமென்றால் திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனம்தான் போட வேண்டும். விண்ணப்பத்தில் அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து தேர்வு செய்வீர்கள். உங்களிடம் பேசும் நபர், ரசீது கொடுக்கும் நிறுவனம், பட்டியலில் உள்ள பெயர், மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். பதிவு இல்லாத ஆள் வேலையை எடுத்து, பதிவு உள்ள இன்னொருவர் பெயரில் ஏற்றுவதும் நடக்கிறது. ஐந்து வருடப் பராமரிப்பு பதிவு பெற்ற நிறுவனத்தின் பொறுப்பு. பெயர் மாறியிருந்தால் மூன்றாம் வருடம் இன்வெர்ட்டர் நின்றுபோகும்போது யாரைப் பிடிப்பீர்கள்?

மானியத்துக்குப் பேனல் இந்தியாவில் செய்ததாக இருந்தால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். அதற்கு டி.சி.ஆர். பேனல் என்று பெயர். விலை கொஞ்சம் கூடுதல், அதனால்தான் மாற்றி வைக்கும் ஆசை வருகிறது. விலைப்பட்டியலில் "டி.சி.ஆர்." என்ற சொல்லும் கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் எழுத்தில் இருக்க வேண்டும்.

லாரியிலிருந்து இறக்கிய உடனே, சட்டத்தில் ஏற்றுவதற்கு முன்னால், ஒவ்வொரு பேனலையும் திருப்பி முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் போட்டோ எடுங்கள். வரிசை எண் தெளிவாக விழ வேண்டும். மாட்டிய பிறகு அந்தச் சீட்டு தரையைப் பார்த்துத் தொங்கும், குனிந்து ஊர்ந்து போனாலும் எட்டாது. இணையத்தில் ஏற்றும் வரிசை எண்களும் மாடியில் இருப்பவையும் ஒத்துப்போகவில்லை என்றால் சோதனையில் நிற்கும். அப்போது உங்கள் கையில் இருக்கும் போட்டோதான் பேசும்.

மூன்று கிலோவாட் என்று ரேட் கொடுத்திருக்கிறார்கள். அதில் என்ன பார்க்க வேண்டும்?

எத்தனை பேனல், ஒவ்வொன்றும் எத்தனை வாட், இன்வெர்ட்டர் எத்தனை கிலோவாட், இந்த மூன்று எண்கள். பேனல்களின் மொத்தம், இன்வெர்ட்டரின் திறன், இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் மானியம் கணக்கிடுவார்கள்.

அக்காவுக்கு முதலில் வந்த விலைப்பட்டியலில் "3 கிலோவாட் சிஸ்டம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. உள்ளே 540 வாட் பேனல் ஐந்து, இன்வெர்ட்டர் மூன்று கிலோவாட். ஐந்து பேனலுக்கு 2,700 வாட்தான். மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மீதி 0.7-க்கு 12,600, ஆக 72,600. ஆறு பேனல் போட்டால் 3,240 வாட், இன்வெர்ட்டர் மூன்று, குறைவானது மூன்று, மானியம் முழு 78,000. ஒரு பேனலால் 5,400 ரூபாய் மானியமும், அதோடு வருடம் முழுக்க வரும் யூனிட்டும் போகப் பார்த்தது. கேட்டதும் ஆறாக மாற்றிக் கொடுத்தார்கள்.

கம்பெனிக்காரரே எல்லாம் அப்ளை பண்ணித் தருகிறேன் என்கிறார். விட்டுவிடலாமா?

உதவி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பதிவு செய்யும் மொபைல் எண் உங்களுடையதாக இருக்கட்டும். இதில் நானே மாட்டிக்கொண்டேன். என் வீட்டுக்குப் போட்டவர்கள் அவர்கள் அலுவலகப் பையனின் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தார்கள். பேனல் போட்டு முடித்த மாதம் அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். உள்ளே நுழைய ஓ.டி.பி. அவன் போனுக்குப் போகிறது. வங்கி விவரம் நான் கொடுக்க வேண்டும், ஆனால் என் விண்ணப்பத்தை என்னாலேயே திறக்க முடியவில்லை. அவனைத் தேடிப் பிடித்து, எண்ணை மாற்றி முடிக்க இரண்டு மாதம் போனது.

இன்னொன்று. "மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள், மானியம் வந்ததும் எங்களுக்கு அனுப்பிவிடுங்கள்" என்றால், அதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். மானியம் தாமதமானாலோ நிராகரிக்கப்பட்டாலோ யார் பொறுப்பு என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

பேனல் போட்டு மூன்று மாதம் ஆகிறது, மானியம் வரவில்லை. எங்கே தேடுவது?

சோதனை முடிந்து வங்கி விவரம் கொடுத்தால் 30 நாளில் என்பதுதான் திட்டத்தின் கணக்கு. அதனால் உங்கள் விண்ணப்பத்தைத் திறந்து எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். பொருத்திய விவரம் ஏற்றப்படவில்லை என்றால் நிறுவனத்தைக் கேட்க வேண்டும். நெட் மீட்டரிலோ சோதனையிலோ நின்றால் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பாருங்கள், விண்ணப்ப எண்ணை எழுதி எடுத்துப் போங்கள். இரண்டும் முடிந்திருந்தால் மானியக் கோரிக்கையை நீங்கள் கொடுத்தீர்களா என்று பாருங்கள். நிறையப் பேர் மீட்டர் மாற்றியதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்கு எண், கிளைக் குறியீடு, ரத்து செய்த காசோலை அல்லது வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், இவற்றைக் கொடுத்தால்தான் கடைசிப் படி நகரும்.

கரண்ட் போனால் சோலாரில் ஃபேன் ஓடும்தானே?

ஓடாது. மானியம் கிடைப்பது மின்வாரியக் கம்பியோடு சேர்ந்து ஓடும் அமைப்புக்கு. வாரிய மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், நட்ட நடுப்பகல் வெயிலிலும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது உங்கள் மாடி மின்சாரம் பாயாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கரண்ட் போகும்போதும் வேண்டும் என்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் சேர்க்க வேண்டும். அந்தக் கூடுதல் செலவுக்கு மானியம் இல்லை. உங்கள் தெருவில் வருடத்தில் எத்தனை மணி நேரம் கரண்ட் போகிறது என்று பார்த்து, அதற்கு இந்தச் செலவு தகுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே வீட்டில் யு.பி.எஸ். இருந்தால் அது பழையபடி தனியாகவே ஓடும்.